"அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும்"

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. கூட்டத்துக்கு அழைப்பு எழுதுறது எப்படின்னு ஒரு டாக்டர் எதுக்கு எழுதணும்னு தோணலாம். நான் எழுதின ஒரு மோசமான அழைப்பால ஒரு முழு மாலை நேரம் வீணாப்போச்சு. அதுக்கப்புறம் எழுதின ஒரு நல்ல அழைப்பால, ஒரு நள்ளிரவுல நடந்தது என்னன்னு எங்களுக்கே புரிஞ்சுது. அதனாலதான் எழுதுறேன்.

முதல்ல அந்த இரவு.

நான் முன்பு பணியாற்றிய ஒரு அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டு. சுகப்பிரசவம். குழந்தை நல்லா அழுதது. நஞ்சும் வந்துவிட்டது. ஆனால் கர்ப்பப்பை சுருங்கவில்லை. ரத்தப்போக்கு நிற்கவில்லை.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போய்க்கொண்டிருக்கும். பிரசவம் முடிந்ததும் கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகி, அந்த ரத்தக்குழாய்களை நெரித்து மூட வேண்டும். அது இறுகாமல் தளர்ந்து கிடந்தால், திறந்து விட்ட குழாய் போலத்தான். நீங்கள் இந்தப் பத்தியைப் படிக்கும் நேரத்துக்குள் ஒரு தாயின் நிலைமை மாறிவிடும்.

மருந்துகள் கொடுத்தோம். கர்ப்பப்பையைக் கையால் பிசைந்தோம். மூத்த மருத்துவரைக் கூப்பிட்டோம். ரத்தம் கேட்டு ரத்த வங்கிக்கு நான் போன் செய்தது 2.10க்கு. முதல் பை வார்டுக்குள் வந்தது 3.25க்கு. அதாவது 75 நிமிடம்.

அந்தத் தாய் பிழைத்துவிட்டார். ஆனால் அந்த 75 நிமிடத்தில் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அடுத்த முறை இப்படிப் பிழைப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

மறுநாள் காலை எங்கள் சீஃப் என்னைக் கூப்பிட்டார். "எல்லாரையும் உட்கார வெச்சுப் பேசணும்ப்பா. நீயே நோட்டீஸ் போட்டுடு" என்றார்.

நானும் போட்டேன். வாட்ஸாப் குழுவில் இப்படி:

"ரத்தம் தாமதமானது குறித்த ஆய்வுக் கூட்டம். நாளை மாலை 3 மணி. கூட்ட அரங்கு. சம்பந்தப்பட்ட அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும்."

நாள் இருக்கு, நேரம் இருக்கு, இடம் இருக்கு, தலைப்பு இருக்கு. வேற என்ன வேணும்னுதான் நினைச்சேன். நீங்களும் இப்படி நூறு அழைப்பு பார்த்திருப்பீங்க.

மறுநாள் 14 பேர் வந்தார்கள். பிரசவ வார்டு சிஸ்டர் சொன்னார், "ரத்த மாதிரியை 2.15க்கே அனுப்பிட்டோம்." ரத்த வங்கியிலிருந்து வந்தவர் சொன்னார், "எங்களுக்கு வந்தது 2.45க்கு." அரை மணி நேரம் எங்கே போச்சு? இருவருமே பதிவேட்டைக் கொண்டுவரவில்லை. ரத்த வங்கி மருத்துவ அலுவலருக்கு வேறு வேலை. அவர் அனுப்பி வைத்தவர் நல்ல டெக்னீசியன்தான், ஆனால் "இனிமே இப்படிச் செய்யலாமா?" என்று எது கேட்டாலும், "மேடம்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்" என்றார். ரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு நடந்த பணியாளரை யாருமே அழைக்கவில்லை. அவர் நைட் ட்யூட்டி முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் குரல்கள்தான் உயர்ந்தன. கடைசியில் கூட்டக் குறிப்பில் ஒரு வரி எழுதினோம்: "துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பை மேம்படுத்த வேண்டும்."

அந்த வரியை எந்த மருத்துவமனையின், எந்தக் கூட்டத்தின் குறிப்பில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். கூட்டம் எதையுமே முடிவு செய்யவில்லை என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

அரங்கை விட்டு வெளியே வரும்போது எங்கள் மூத்த செவிலியர் கண்காணிப்பாளர் என்னிடம் சொன்னார்: "டாக்டர், யாரும் தயாராகாம வந்தாங்கன்னு நினைக்காதீங்க. எல்லாரும் நல்லாத் தயாராகித்தான் வந்தாங்க. தப்பு எங்க மேல இல்லன்னு சொல்றதுக்கு."

அங்கேதான் எனக்கு உறைத்தது.

'ஆய்வுக் கூட்டம்' என்று மட்டும் எழுதினால், மிச்சத்தை அவரவர் பயம் நிரப்பிக்கொள்ளும். எதற்குத் தயாராக வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், மனிதர்கள் தற்காப்புக்குத் தயாராவார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை. அழைப்பை எழுதிய என் குற்றம்.

அவரிடமே கேட்டேன், வேற எப்படி எழுதுறது சிஸ்டர்னு. "கூட்டம் முடிஞ்சு இந்தக் கதவைத் தாண்டும்போது நம்ம கையில என்ன இருக்கணும்? அதை முதல்ல எழுதுங்க. மத்ததெல்லாம் அதுலேர்ந்து தானா வரும்" என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். முதலில் எழுதியது: "ரத்தம் சீக்கிரம் வர வழி காண்பது." அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். "இது ஆசை. கையில என்ன இருக்கும்?"

நல்ல கேள்வி. எதிர்பார்க்கும் பலனை எழுதிவிட்டோமா என்று பார்க்க இதுதான் சோதனை. கூட்டம் முடிந்த நிமிடமே, அது கிடைத்ததா இல்லையா என்று ஆம், இல்லை எனச் சொல்ல முடிய வேண்டும். 'வழி காண்பது', 'விவாதிப்பது', 'விழிப்புணர்வு' எல்லாம் இதில் தேறாது.

நாலு முறை அடித்து அடித்து எழுதிய பிறகு, அந்த இரண்டாவது அழைப்பு இப்படி வந்தது:

பொருள்: பிரசவ வார்டுக்கு இரவில் ரத்தம் வந்துசேரும் நேரத்தைக் குறைப்பது.

நேரம்: வரும் செவ்வாய் காலை 7.45 முதல் 8.30 வரை.

கூட்டம் முடியும்போது நம் கையில் இருக்க வேண்டியவை:
1. ரத்தம் கேட்டதிலிருந்து முதல் பை வரும்வரை யார் எதைச் செய்வது என்ற ஒரு பக்கத் தாள்.
2. பொருத்தம் பார்க்க நேரமில்லாத அவசரத்தில், இரவில் யார் கையெழுத்தில் ரத்தம் தரலாம் என்ற முடிவு.

பேசப்போகும் கேள்விகள்:
1. கடந்த மூன்று மாதங்களில் ஒவ்வொரு முறையும் எந்தக் கட்டத்தில் எத்தனை நிமிடம் போனது? (தகவல், 10 நிமிடம்)
2. அதில் எந்தக் காத்திருப்பைத் தவிர்க்கலாம்? எப்படி? (விவாதம், 20 நிமிடம்)
3. அவசரக் கையெழுத்து யாருடையது? (முடிவு, 10 நிமிடம்)
4. தாளைப் படித்துச் சரிபார்ப்பது. (5 நிமிடம்)

கொண்டுவர வேண்டியவை: பிரசவ வார்டு சிஸ்டர், ரத்தம் கேட்ட நேரமும் வந்த நேரமும். ரத்த வங்கி, மாதிரி வந்த நேரமும் பை கொடுத்த நேரமும். இருவரும் திங்கள் மதியத்துக்குள் என்னிடம் கொடுத்தால், ஒரே தாளில் எழுதி மாலையே அனைவருக்கும் அனுப்புகிறேன்.

ரத்த வங்கி மருத்துவ அலுவலர் வர இயலாவிட்டால், மூன்றாம் கேள்விக்கு அவர் சார்பில் முடிவு சொல்லக்கூடியவரை அனுப்பவும்.

பேசப்படாதது: அன்றிரவு தவறு யாருடையது என்பது.

இவ்வளவுதான். இதில் சில இடங்களை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொன்றும் முதல் கூட்டத்தில் அடிபட்டுக் கற்றது.

பேசும் விஷயங்களைக் கேள்வியாக எழுதினேன். 'ரத்த மாதிரி' என்று இரண்டு வார்த்தை எழுதினால், வருகிறவருக்கு என்ன யோசித்து வருவது என்று தெரியாது. 'எந்தக் காத்திருப்பைத் தவிர்க்கலாம்?' என்று கேட்டால், பஸ்ஸில் வரும்போதே மனது பதில் தேட ஆரம்பித்துவிடும்.

பக்கத்திலேயே தகவல், விவாதம், முடிவு என்று எழுதினேன். இல்லையென்றால், தெரிந்துகொள்ள மட்டும் சொன்ன விஷயத்துக்கு அரை மணி நேரம் சண்டை நடக்கும். முடிவெடுக்க வேண்டிய விஷயத்தை 'பார்க்கலாம்' என்று தாண்டிப் போவார்கள்.

நேரத்தைக் காலை 7.45 ஆக்கியது பணியாளர்களுக்காக. நைட் ட்யூட்டி முடித்துவிட்டு அப்படியே வந்துவிட்டுப் போகலாம். எதையும் கொண்டுவரச் சொன்னால், அதைத் தேடி எடுக்க நாள் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமையே அனுப்பியது அதனால்தான். முந்தின நாள் இரவு அனுப்பும் அழைப்பில் மூன்று மாதக் கணக்கைக் கேட்பது, கேட்காமல் இருப்பதற்குச் சமம்.

திங்கள்கிழமை இரண்டு பட்டியலும் என் கைக்கு வந்தன. மொத்தம் 9 கேஸ். பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத ஆரம்பித்ததுமே ஒரு விசித்திரம். ஒரு கேஸில், ரத்த வங்கி பையைக் கொடுத்த நேரம் 4.06. வார்டுக்கு வந்த நேரம் 4.04. புறப்படுவதற்கு இரண்டு நிமிடம் முன்னாடியே வந்து சேர்ந்த ரத்தம்!

டெக்னீசியன் வார்டுக்குப் போன் போட்டார். "அக்கா, உங்க கடிகாரத்துல இப்ப மணி என்ன?" அவ்வளவுதான். ரத்த வங்கிக் கடிகாரம் 8 நிமிடம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாகவோ.

அடுத்த விஷயம் இன்னும் முக்கியம். கட்டம் கட்டமாக நேரம் கேட்டிருந்ததால், அந்த டெக்னீசியன் பதிவேட்டோடு இன்னொரு சின்ன நோட்டையும் கொண்டுவந்தார். திருப்பி அனுப்பிய மாதிரிகளை எழுதி வைக்கும் நோட்டு. ஏற்றுக்கொண்ட மாதிரிகள் மட்டும்தான் பெரிய பதிவேட்டில் ஏறும். திரும்பிப் போனவை ஏறாது.

அதில் அன்றிரவு இருந்தது. வார்டு 2.15க்கு அனுப்பியது உண்மை. அது போய்ச் சேர்ந்தது. ஆனால் குழாயின் லேபிளில் உள்நோயாளி எண் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணியாளர் நடந்து திரும்பி வந்து, அந்தக் களேபரத்தில் எங்களில் ஒருவரைப் பிடித்து, மறுபடி ரத்தம் எடுத்து, லேபிள் எழுதி, மறுபடி நடந்து கொடுத்தபோது ரத்த வங்கிக் கடிகாரத்தில் 2.45. உண்மையில் 2.37.

இரண்டு பேரும் உண்மைதான் சொல்லியிருக்கிறார்கள். முதல் கூட்டத்தில் இருவரையும் ஒரு மணி நேரம் பொய்யர்களாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

(திருப்பி அனுப்பியது தவறா? இல்லவே இல்லை. பெயர் ஒத்துப்போகும் இரண்டு பேர் ஒரே வார்டில் இருப்பது சாதாரணம். ஒருவருக்கான ரத்தம் மற்றவருக்கு ஏறினால், ரத்தமே உயிரைக் குடித்துவிடும். அந்த எண் இல்லாத மாதிரியை வாங்காததுதான் சரி.)

இப்போது 75 நிமிடம் பிரிந்து தெரிந்தது. கேட்டதிலிருந்து சரியான மாதிரி போய்ச் சேர 27 நிமிடம். வகை பார்த்து, பொருத்தம் பார்த்துக் கொடுக்க 35 நிமிடம். பை வார்டுக்கு வர 13 நிமிடம். மற்ற எட்டு கேஸிலும் பரிசோதனைக்கு ஆன நேரம் ஏறக்குறைய இதேதான். அது தேவையான நேரம். கூடிக் குறைந்தது முழுவதும் நடையில்தான். ஒன்பதில் மூன்று முறை மாதிரி திரும்பிப் போயிருந்தது.

செவ்வாய்க் காலை எல்லோர் கையிலும் இந்த ஒரு பக்கக் கணக்கு இருந்தது. படிக்காமல் வந்தவர்களும் உண்டு, சும்மா சொல்லக் கூடாது. அதனால் முதல் மூன்று நிமிடம் யாரும் பேசாமல் அதைப் படித்தோம். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கை நீட்டவில்லை. நீட்டத் தேவையே இல்லை, தாளில் எல்லாம் இருந்தது.

இரண்டாம் கேள்விக்கு வந்தபோது ஒருவர், "குழாய்ல முன்கூட்டியே பேரை எழுதி வெச்சுடலாமே" என்றார். டெக்னீசியன் உடனே தடுத்தார். முன்னாடியே பெயர் எழுதிய குழாயில் பக்கத்துக் கட்டில்காரர் ரத்தம் போய்விடும் ஆபத்து இருக்கிறது. ரத்தம் எடுத்த பிறகு, கட்டில் பக்கத்திலேயே நின்று, கைப்பட்டையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்றார். வார்டைத் தாண்டும் முன் இன்னொருவர் பெயர், எண், கையெழுத்து மூன்றையும் பார்க்க வேண்டும் என்று முடிவானது. மாதிரி சரியில்லை என்றால் பணியாளரைத் திருப்பி நடக்க விடாமல், ரத்த வங்கி அந்த நிமிடமே வார்டுக்குப் போன் செய்ய வேண்டும். அவர் வந்து சேர்வதற்குள் இங்கே புது மாதிரி தயாராக இருக்கும்.

அந்த 13 நிமிடத்துக்குப் பதில் சொன்னவர் இரவுப் பணியாளர் அக்கா. "ரெண்டு வார்டுக்கு நான் ஒருத்திதான். பை ரெடின்னு சொல்லும்போது நான் ஸ்கேன் ரூம்ல நிப்பேன். அஞ்சு நிமிஷம் முன்னாடி சொன்னீங்கன்னா அங்கேயே வந்து நின்னுக்குவேன்ல?" இவ்வளவு எளிய யோசனை. 14 பேர் இருந்த முதல் கூட்டத்தில் இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அழைக்கப்படவே இல்லை.

மூன்றாம் கேள்வி. பொருத்தம் பார்க்க 35 நிமிடம் காத்திருக்க முடியாத உயிர் வந்தால்? ஓ நெகட்டிவ் ரத்தத்தைப் பொருத்தம் பார்க்காமலே அவசரத்துக்குத் தரலாம். நம் ஊரில் அந்த வகை ரத்தம் அரிது, அள்ளிக் கொடுக்க முடியாது. ரத்த வங்கி மருத்துவ அலுவலரே இந்த முறை வந்திருந்தார். முடிவெடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததால், இருப்புக் கணக்கைப் பார்த்துவிட்டே வந்திருந்தார். "இரண்டு பை எப்பவும் ஒதுக்கி வைக்கிறேன். இரவு ட்யூட்டி டாக்டர் கையெழுத்து போதும். காலையில நான் மேலொப்பம் போடுறேன்" என்றார். ஆறு நிமிடத்தில் முடிந்தது.

8.35க்கு வெளியே வந்தோம். ஐந்து நிமிடம் கூடுதல். கையில் ஒரு பக்கத் தாள் இருந்தது. பிரசவ வார்டு சுவரிலும் ரத்த வங்கிச் சுவரிலும் ஒட்டினோம். இரண்டு கடிகாரத்தையும் சரிசெய்தோம்.

எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. லிஃப்ட் பற்றிப் பேச்சு வந்தது, ஆனால் அதைச் சரிசெய்யக்கூடிய யாரையும் நான் அழைக்கவில்லை. அதை அங்கே பேசி நேரத்தைக் கரைக்காமல் தனியாகக் குறித்து வைத்தோம். இரவுக்கு ஒரே பணியாளர் என்ற பிரச்சினையும் அப்படியே இருக்கிறது. எவ்வளவு நல்லா எழுதின அழைப்பாலும் ஆளைக் கூட்ட முடியாது.

இன்னொன்று. முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டு, கேள்வி மாதிரி அழைப்பில் எழுதாதீர்கள். ஒரு முறை ஏமாந்தவர்கள் அடுத்த முறை எதையும் படித்துவிட்டு வரமாட்டார்கள்.

சுமார் ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு நள்ளிரவு. மறுபடி இறுகாத கர்ப்பப்பை. போன் செய்தேன், கையெழுத்துப் போட்டேன். அந்த அக்கா ஓ நெகட்டிவ் பையோடு வார்டுக்குள் நுழைந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். 14 நிமிடம். அவர் வகை ரத்தம், பொருத்தம் பார்த்து, பின்னாலேயே வந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலானோருக்கு ரத்த வங்கியோடு வேலை இருக்காது. ஆனால் ஒரு கூட்டம் உங்களுக்கும் நிச்சயம் உண்டு. மருத்துவமனையில் உங்கள் அப்பாவோ அம்மாவோ இருக்கும்போது, "டாக்டர் பேசணும்னாரு, எல்லாரும் வாங்க" என்று ஒரு போன் வரும். நீங்களும் பயந்து, ஊரிலிருந்து பத்துப் பேர் கிளம்பி வருவீர்கள். பழைய ரிப்போர்ட் வீட்டிலேயே இருக்கும். முடிவு சொல்ல வேண்டிய மூத்த மகன் மட்டும் வந்திருக்க மாட்டார்.

நான் இப்போது அப்படிக் கூப்பிடுவதில்லை. "நாளை காலை 11 மணிக்கு வாங்க. உங்கப்பா காலில் அறுவை சிகிச்சை செய்வதா, இன்னும் ஒரு வாரம் மருந்தில் பார்ப்பதா என்று முடிவெடுக்கணும். அவர் இப்போ சாப்பிடுற எல்லா மாத்திரையும், பழைய சர்க்கரை ரிப்போர்ட்டும் கொண்டுவாங்க. முடிவு சொல்றவர் வரட்டும், இல்லன்னா போனில் இருக்கட்டும். அப்பாகிட்டயும் இன்னிக்கு ராத்திரி அவர் விருப்பத்தைக் கேட்டு வையுங்க" என்று சொல்கிறேன். முக்கால்வாசிப் பேர் யோசித்துவிட்டு வருகிறார்கள். சிலர் கேள்விகளைச் சீட்டில் எழுதியே கொண்டுவருகிறார்கள்.

யாராவது உங்களை வெறுமனே "வாங்க, பேசணும்" என்று கூப்பிட்டால், அது மருத்துவமனையோ, பள்ளிக்கூடமோ, அடுக்ககச் சங்கமோ, தயங்காமல் திருப்பிக் கேளுங்கள்:

"பேசி முடிக்கும்போது என்ன முடிவாகணும்? நான் என்ன கொண்டு வரணும்?"

கூப்பிட்டவரிடம் இதற்குப் பதில் இல்லையென்றால், அவர் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு நான் தயாராகாமல் இருந்த மாதிரி.